ஜெர்மனியிலிருந்து வந்த மாத்திரையா? உள்ளே இருக்கும் பேப்பரை இப்படிப் படிங்க!

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது, பெட்டியில் சாக்லேட்டோடு சில மாத்திரை அட்டைகளும் வருவதுண்டு. பிள்ளை திரும்பிப் போன பிறகு, அம்மாவுக்கு ஒருநாள் காய்ச்சல் வரும். பெட்டியைத் திறந்தால் பொடி எழுத்தில் ஜெர்மன் பேப்பர். என்ன செய்வது?

அந்த மொழி தெரியாவிட்டாலும் ஓரளவு வழி கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க மருந்துப் பேப்பரில் 6 தலைப்புகள், ஒரே வரிசையில் இருக்கும். 1 - எதற்கான மருந்து. 2 - சாப்பிடும் முன் கவனிக்க வேண்டியவை. 3 - எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது. 4 - பக்க விளைவுகள். 5 - எப்படிப் பாதுகாப்பது. 6 - உள்ளே என்ன இருக்கிறது. எனவே முதலில் எண்ணைத் தேடுங்கள்.

6-ல் தொடங்குங்கள்

பெட்டியின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உதாரணமாக, ஜெர்மனியில் 'பென்-உ-ரோன்' என்று விற்பது நம் ஊர் பாராசிட்டமால்தான். 6-ம் தலைப்பின் கீழ் 'விர்க்ஸ்டோஃப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூல மருந்தின் பெயர் இருக்கும்.

3-ல் அளவு

500 மி.கி. பாராசிட்டமால் பேப்பரில் உடல் எடைவாரியாக ஓர் அட்டவணை இருக்கும். 43 கிலோவுக்கு மேல் உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1 முதல் 2 மாத்திரை. 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 8 மாத்திரை, அதாவது 4,000 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம். 'ஷ்டுண்டென்' என்றால் மணி நேரம், 'டேக்லிஷ்' என்றால் தினமும், 'பிஸ்' என்றால் 'வரை'.

இங்கேதான் ஆபத்து. அம்மா அந்த 8 மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சல் விடவில்லை என்று தெருமுனை மெடிக்கலில் வாங்கிய 650 மி.கி. பாராசிட்டமால் இரண்டையும் போட்டால், மொத்தம் 5,300 மி.கி. இது கல்லீரலைப் பாதிக்கக்கூடிய அளவு. முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். அதனால் காத்திருக்காமல், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கான மாற்று மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். கல்லீரல் பிரச்னை, மதுப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பான அளவே குறைவு. அது 2-ம் தலைப்பில் இருக்கும்.

இன்னொன்று, கமா! ஜெர்மன்காரர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். குழந்தை சிரப்பில் '2,5 மி.லி.' என்றால் இரண்டரை, 25 அல்ல. ஆயிரத்துக்குப் புள்ளி: '1.000' என்றால் ஆயிரம்.

4-ல் பயம் வேண்டாம்

பக்க விளைவுப் பட்டியலைப் பார்த்து மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு வரலாம் என்றும் போட்டிருப்பார்கள். 'ஹொய்ஃபிக்' என்றால் 10 பேரில் ஒருவர் வரை, 'கெலேகென்ட்லிஷ்' 100-ல் ஒருவர் வரை, 'ஸெல்டென்' 1,000-ல் ஒருவர் வரை. 'ஸேர் ஸெல்டென்' என்றால் 10,000-ல் ஒருவர் வரை. பாராசிட்டமாலில் கடுமையான தோல் பாதிப்பு இந்தக் கடைசி வகை. அபூர்வம்தான். ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

5-ல் நம் ஊர் வெயில்

சில பெட்டிகளில் 'நிஷ்ட் யூபர் 25 °C லாகெர்ன்' என்று இருக்கும். 25 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று பொருள். ஜெர்மனியில் அது சாதாரண அறை. தஞ்சாவூர் மே மாதத்தில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் நிச்சயம் தாண்டும். சமையல்கட்டு, ஜன்னல், டி.வி. மேல் வைக்காமல், வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையின் அலமாரியில் அதே பெட்டியோடு வையுங்கள். அங்கும் வெயில் காலத்தில் 25-ஐ விடவில்லை என்றால், அந்த மருந்தை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்பதற்கு 'க்யூல்ஷ்ராங்க்' என்ற சொல்லும் '2 °C - 8 °C' என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜ். அதிலும் ஃப்ரீஸர் கூடாது.

பெட்டியின் ஓரத்தில் 'ஃபெர்வெண்ட்பார் பிஸ் 03/2027' என்று இருந்தால், அந்த மார்ச் மாதக் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மருந்து கொண்டுவந்தால், கிளம்பும் முன் பெட்டி மேலேயே தமிழில் நான்கு வரி எழுதுங்கள். மூல மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை, எத்தனை மணி நேர இடைவெளி, எங்கே வைப்பது. அவ்வளவு போதும்.