நண்பர் இல்லாமல் முடிந்த புத்தகம்

பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கிய மொழிபெயர்ப்பு பாதியில் நின்றுவிட்டது. நண்பர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. முதுமையில் அந்தத் தாள்களை மறுபடி எடுத்து வேலையை முடிக்கிறார். இதைச் சிறுகதையாக எழுதினால், மேசை இழுப்பறையில் கிடைக்கும் கையெழுத்துப் பிரதி, மீதியுள்ள சில பக்கங்கள், கடைசி வரியை எழுதும்போது கண்ணீர் என்று கதையை நடத்திவிடலாம். உண்மையில் இந்த வேலை அப்படி நடப்பதில்லை. மார்ட்டின் பூபர் ஜெர்மன் மொழியில் எபிரேய வேதாகமத்தை முடித்த வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1925-ஆம் ஆண்டு. லாம்பர்ட் ஷ்னைடர் என்ற இளம் பதிப்பாளர், வேதாகமத்தை எபிரேயத்திலிருந்து புதிதாக ஜெர்மனில் தர முடியுமா என்று பூபரிடம் கேட்டார். யூதத் தத்துவ அறிஞரான பூபர் அப்போது ஹெப்பன்ஹைம் என்ற சிற்றூரில் வசித்தார். ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் உடனிருந்தால் செய்கிறேன் என்றார். ரோசன்ஸ்வைக் அவரைவிட எட்டு வயது இளையவர். இடைக்கால எபிரேயக் கவிஞர் யெகூதா ஹலேவியின் பாடல்களை ஜெர்மனில் தந்தவர். ஆனால் 1922-லேயே அவருக்கு ஒரு கொடிய நோய் வந்திருந்தது. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பிற்காலத்தில் முடக்கிய அதே நோய்தான். பேச்சு போனது, கை போனது. ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு வீட்டு மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டுவார். மனைவி எடித் அதைச் சொல்லாகக் கோத்து எழுதுவார். நோய் முற்றியபோது, எடித் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, சரியான எழுத்து வந்ததும் இவர் கண்ணால் சைகை காட்டுவார்.

ரோசன்ஸ்வைக்குக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. லூத்தரின் மொழிபெயர்ப்பு ஜெர்மன் மொழியையே வடித்த நூல். அதைத் திருத்தினால் போதாதா என்று கேட்டார். ஒரு நாள் முழுக்க இருவரும் லூத்தரின் பக்கத்தைத் திருத்திப் பார்த்தார்கள். எபிரேய மூலத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு சொல்லை மாற்றினால் அடுத்தது நிற்கவில்லை, அதை மாற்றினால் வாக்கியம் சரிந்தது. திருத்தி முடித்தபோது லூத்தரும் மிஞ்சவில்லை, புதியதும் உருவாகவில்லை. அதன் பிறகே புதிதாகத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆதியாகமம் அச்சாகிவிட்டது.

வேலை நடந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் பூபர் தனியாகச் சுமந்தது அந்த முறையைத்தான். முதல் வரைவை அவர் எழுதித் தாள் தாளாக அனுப்புவார். ரோசன்ஸ்வைக் தன் கேள்விகளையும் மறுப்புகளையும் எடித் மூலம் எழுதித் திருப்பி அனுப்புவார். பூபர் திருத்துவார், மறுபடி விவாதம் நடக்கும். அச்சுப்படி வந்த பிறகும் அது ஓயாது. பல்கலைக்கழக வகுப்புக்காகப் புதன்கிழமைதோறும் ஃபிராங்ஃபர்ட் வரும் பூபர், வகுப்பு முடிந்ததும் நண்பர் வீட்டுக்குப் போவார். கடிதத்தில் தீராததை அங்கே தீர்ப்பார்கள்.

இருவரும் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார்கள். முதலாவது மூச்சு பற்றியது. வேதாகமம் வாய்விட்டு ஓதப்பட்ட நூல் என்பதால், அச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரி முடியும். வசன எண்கள் சொல்லும் இடத்தில் அல்ல. வரி சரியா என்று பார்க்க வழி, உரக்கப் படித்துக் கேட்பதுதான். பேச்சே இழந்த ஒரு மனிதர் இந்த விதியில் அத்தனை கறாராக இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இரண்டாவது விதி இன்னும் கடினமானது. எபிரேயத்தில் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ, அங்கெல்லாம் ஜெர்மனிலும் ஒரே குடும்பச் சொற்கள் வர வேண்டும். அத்தியாயங்களைத் தாண்டி ஒரு சொல் திரும்பி வரும்போது, கதை தன்னையே நினைவூட்டுகிறது என்பது அவர்கள் கருத்து. லேவியராகமத்தில் பலியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வேர் 'நெருங்குதல்' என்று பொருள்படும். வழக்கமான மொழிபெயர்ப்புகளில் 'பலி', 'கொண்டுவருதல்', 'அருகே வருதல்' ஆகியவை தொடர்பற்ற மூன்று சொற்களாகிவிடும். இவர்களோ 'அருகே' என்பதிலிருந்து ஜெர்மனில் இல்லாத ஒரு பெயர்ச்சொல்லையே ஆக்கி, மூன்றையும் ஒரு கொடியில் கட்டினார்கள்.

இந்த விதியின் விளைவைக் கவனியுங்கள். ஆதியாகமத்தில் எடுக்கும் முடிவு, இன்னும் பல ஆண்டுகள் கழித்து மொழிபெயர்க்கப்போகும் யோபுவையும் நாளாகமத்தையும் கட்டிப்போடுகிறது. அங்கே அந்தச் சொல் பொருந்தவில்லை என்றால் ஆதியாகமத்துக்குத் திரும்பித் திருத்த வேண்டும். ஆகவே இந்த மொழிபெயர்ப்பில் 'முடிந்த பகுதி', 'முடியாத பகுதி' என்று கோடு கிழிக்க முடியாது. கடைசிப் புத்தகம் முடியும் வரை முதல் பக்கமும் முடியாது.

1929 டிசம்பர் 10 அன்று ரோசன்ஸ்வைக் இறந்தார். அவருக்கு 43 வயதுகூட நிறையவில்லை. வேலை அப்போது ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை எட்டியிருந்தது. துன்பங்களைச் சுமக்கும் ஊழியனைப் பற்றிய அதிகாரம் அது. முந்தைய நாள் பூபருக்கு ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் தனக்கு முக்கியமான ஒன்று புலப்பட்டதாகத் தொடங்கிய அந்த வாக்கியம், மருத்துவர் வந்ததால் நடுவில் நின்றது. பிறகு தொடரவேயில்லை. அந்த முக்கியமான விஷயம் எது என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

பூபர் நிறுத்தவில்லை. ஏசாயாவை முடித்து, எரேமியா, எசேக்கியேல், சங்கீதம், நீதிமொழிகள் வரை தனியாகக் கொண்டுபோனார். இதற்குள் நாஜிகள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். 1933-இல் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகப் பணி போயிற்று. 1938 மார்ச்சில் ஜெருசலேம் சென்று எபிரேயப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஹெப்பன்ஹைம் வீடு சூறையாடப்பட்டது. நூலை வெளியிட்டுவந்த ஷோக்கன் பதிப்பகத்தையும் அரசு மூடியது. யோபு, உன்னதப்பாட்டு உள்ளிட்ட ஐந்து சிறுநூல்கள், தானியேல், எஸ்றா, நெகேமியா, நாளாகமம் ஆகியவை ஜெர்மனில் வராமலே நின்றன.

1951-இல் பூபர் பணி ஓய்வு பெற்றார். கொலோன் நகரின் யாக்கோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் புதிய பதிப்பு கேட்டார். மிச்சமிருந்த புத்தகங்களை மட்டும் மொழிபெயர்த்துச் சேர்த்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். பூபர் அப்படிச் செய்யவில்லை. இருவரும் சேர்ந்து செய்த பகுதிகளை முதல் பக்கத்திலிருந்து திருத்தினார். ஐந்தாகமம் 1954-இலும், வரலாற்று நூல்கள் 1955-இலும், தீர்க்கதரிசனங்கள் 1958-இலும் வந்தன. அந்த 1958-இல்தான் மனைவி பவுலாவும் இறந்தார்.

இறந்துபோன நண்பர் ஒப்புக்கொண்ட வரியை, அவரைக் கேட்காமல் மாற்றலாமா? இதைத் தவறு என்று சொல்பவர்கள் இருக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. அவர்கள் வைத்த விதியே திரும்பிப் போய்த் திருத்தச் சொல்கிறது. பழைய வரியைத் தொடாமல் காப்பாற்றியிருந்தால், நண்பரின் எழுத்து பிழைத்திருக்கும், அவருடைய முறை செத்திருக்கும். ரோசன்ஸ்வைக் எழுதியனுப்பிய குறிப்புகளும் பெருமளவு எஞ்சியிருந்தன. அவை பின்னாளில் தனி நூலாகவும் வந்துள்ளன. எந்த வாதத்தின் பேரில் எந்தச் சொல் நின்றது என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. யாராவது இதே நிலையில் இருந்தால், நண்பரின் சுத்தப் பிரதியைவிட அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்களையே முதலில் தேடிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பேன்.

ஆனால் இழப்பும் இருந்தது. முதல் பதிப்பு வந்தபோதே அதன் நடையை சீக்ஃபிரீட் கிராக்கவர் என்ற விமர்சகர் செயற்கையான பழமை என்று தாக்கியிருந்தார். யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலமும் அதன் உச்சஸ்தாயியைப் பற்றிப் பூபருக்குக் கடிதம் எழுதியிருந்தார். திருத்திய பதிப்பில் அந்த முரட்டுத்தனம் குறைந்து நடை பக்குவப்பட்டிருந்தது. ஷோலம் அதைக் கவனித்துப் பாராட்டவும் செய்தார். பக்குவத்தோடு பழைய வேகமும் சற்று அடங்கியது. எதிர்த்து வாதிட ஆள் இல்லாதபோது ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் இயல்பான நடைக்குத் திரும்புவது எளிது.

ஒப்பிட நமக்கு ஒரு பழைய நிகழ்வு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழில் ரூத் புத்தகம் வரை கொண்டுவந்து 1719 பிப்ரவரியில் இறந்தார். மீதியை முடித்த பெஞ்சமின் ஷுல்ட்சே அந்த ஊருக்கு வந்ததே அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அவர்கள் இருவரும் தரங்கம்பாடியில் ஒரு நாள்கூடச் சேர்ந்து வேலை செய்ததில்லை. பூபருக்கோ நான்கரை ஆண்டு விவாதம் துணை இருந்தது.

1961 பிப்ரவரியில், 83 வயதில், பூபர் வேலையை முடித்தார். ஜெருசலேமில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடினார்கள். ஷோலம் பேசினார். பாராட்டிய பிறகு, ஒரு கேள்வியை எழுப்பினார். இதைத் தொடங்கியபோது, ஜெர்மன் யூதர்கள் ஜெர்மன் மக்களுக்குத் தரும் விருந்தினர் பரிசாக இது இருந்தது. இப்போது யாருக்காக? நீங்கள் எந்த யூதர்களுக்காக மொழிபெயர்த்தீர்களோ அவர்கள் இல்லை. தப்பியவர்களின் பிள்ளைகள் ஜெர்மன் படிக்கப்போவதில்லை. அழிந்துபோன ஓர் உறவுக்கு வைத்த கல்லறைக் கல்லாகிவிட்டதே இது என்ற பொருளில் அவர் பேசினார்.

ஷோலத்தின் கேள்வி நியாயமானது. மூலநூல் அப்படியே இருக்கிறது, நண்பரின் குறிப்புகள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். வாசகர் மட்டும் இல்லை. ஆனால் நம்பிக்கையை விட்டுவிடப் பூபர் மறுத்தார். அந்த வார்த்தை ஜெர்மனில் இன்னும் சேர வேண்டிய இடம் உண்டு என்றே கருதினார். கடைசித் தொகுதி 1962-இல் வெளிவந்தது. 1965 ஜூன் 13 அன்று அவர் இறந்தார்.

பூபர் நினைத்ததுதான் நடந்தது என்பது என் முடிவு. ஜெர்மன் வேதாகமச் சங்கம் அந்த நான்கு தொகுதிகளையும் பின்னாளில் வெளியிட்டது. கிறிஸ்தவ இறையியல் மாணவர்கள் லூத்தரின் பக்கத்தில் வைத்து அதைப் படிக்கிறார்கள். முதல் மூன்று தொகுதிகளின் முகப்பில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்குடன் இணைந்து மார்ட்டின் பூபர் தந்தது என்று அச்சிட்டிருக்கிறது. நண்பரின் கை படாத நான்காம் தொகுதியில் பூபர் தன் பெயரை மட்டுமே போட்டுக்கொண்டார்.