டெபாசிட்டைக் காக்கும் வாக்குறுதியே வங்கியைச் சூதாடவும் வைக்கும், தெரியுமா?

"வங்கி மூழ்கினாலும் உங்கள் பணம் வந்துசேரும்." டெபாசிட் காப்பீடு என்பது இந்த ஒரு வரிதான். இதே வரி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகளின் வாசலில் நின்ற கூட்டத்தைக் கலைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் மக்கள் தலையில் பல்லாயிரம் கோடி டாலர் செலவையும் ஏற்றிவைத்தது! ஒரே மருந்து நோயை எப்படித் தீர்த்தது, வேறொரு நோயை எப்படிக் கொண்டுவந்தது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நல்ல வங்கிகூட ஒரே வாரத்தில் சாகும், தெரியுமா?

ஒரு வங்கியில் மக்கள் போட்ட டெபாசிட் 100 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கோடி கையிருப்பு. மீதி 90 கோடி வீட்டுக்கடனாகப் போயிருக்கிறது. கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் தவணை கட்டுகிறார்கள். வங்கியிடம் எந்தக் குறையும் இல்லை.

இப்போது ஒரு வதந்தி கிளம்புகிறது. எல்லோரும் பணத்தைக் கேட்டு வருகிறார்கள். இருபது வருடக் கடனை இன்று சாயங்காலமே திருப்பிக் கட்டச் சொல்ல முடியாது. அந்தக் கடன் பத்திரங்களை வேறு யாருக்காவது அவசரமாக விற்கவேண்டும். அவசர விற்பனையில் 90 கோடிக்கு 70 கோடிதான் கிடைக்கிறது. கையிருப்போடு சேர்த்தால் மொத்தம் 80 கோடி. வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு முழுப் பணம். கடைசியில் நிற்கும் 20 கோடிக்காரர்களுக்கு ஒரு பைசாவும் இல்லை!

ஆகவே, வங்கி நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தவரும் ஓடத்தான் வேண்டும். மற்றவர்கள் ஓடுவார்கள் என்ற பயமே போதும். இந்தச் சிக்கலை 1983-இல் கணித வடிவில் காட்டிய டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் இருவருக்கும் 2022-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. காப்பீடு வேலை செய்யும் சூட்சுமமும் அவர்கள் காட்டியதுதான். கடைசியில் நிற்பவருக்கும் பணம் உண்டு என்று எல்லோரும் நம்பிவிட்டால் யாருக்கும் ஓட அவசியம் இல்லை. யாரும் ஓடாததால் நல்ல வங்கி விழுவதில்லை. வங்கி விழாததால் காப்பீட்டு நிதியிலிருந்து பணம் எடுக்கவேண்டிய தேவையும் வருவதில்லை!

2. இந்தத் திட்டத்தை ரூஸ்வெல்ட்டே விரும்பவில்லை, தெரியுமா?

1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933 மார்ச்சில் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட், நாடு முழுவதும் வங்கிகளுக்குக் கட்டாய விடுமுறை அறிவித்துத்தான் நிலைமையைச் சமாளித்தார். ஆனால் டெபாசிட் காப்பீடு என்ற யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல வங்கிகளின் பணத்தில் மோசமான வங்கிகள் பிழைத்துக்கொள்ளும் என்று அவர் பயந்தார்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இருந்தது. 1907-க்குப் பிறகு ஓக்லஹோமா, டெக்சாஸ், நெப்ராஸ்கா உட்பட எட்டு மாநிலங்கள் தங்கள் சொந்தக் காப்பீட்டுத் திட்டங்களைத் தொடங்கின. 1930-க்குள் எல்லாமே படுத்துவிட்டன! ஆனாலும் சாதாரண மக்களின் கோரிக்கை வென்றது. 1933 ஜூனில் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். எஃப்.டி.ஐ.சி என்ற காப்பீட்டு நிறுவனம் பிறந்தது.

3. 4,000 என்ற எண் ஒரே ஆண்டில் 9 ஆனது, தெரியுமா?

1933-இல் மட்டும் சுமார் 4,000 அமெரிக்க வங்கிகள் கதவை மூடின. 1934 ஜனவரி 1 அன்று காப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு 2,500 டாலர் வரை உத்தரவாதம். அந்த ஆண்டு விழுந்த காப்பீடு பெற்ற வங்கிகள் எத்தனை? வெறும் ஒன்பது! பலவீனமான வங்கிகள் முன்பே களையப்பட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும், பதறியடித்துப் பணமெடுக்க ஓடும் பழக்கம் அதோடு அடங்கியது.

4. பயம் போனபோது கண்காணிப்பும் போனது, தெரியுமா?

காப்பீடு இல்லாத காலத்தில் டெபாசிட்காரர் ஒரு காவல்காரர். "இந்த வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது? ஏன் இவ்வளவு அதிக வட்டி தருகிறது?" என்று விசாரிப்பார். சந்தேகம் வந்தால் பணத்தை எடுத்துவிடுவார். அந்தப் பயத்தில் வங்கி கொஞ்சம் அடக்கமாக நடக்கும்.

அரசு உத்தரவாதம் வந்ததும் விசாரிக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. எந்த வங்கி கால் சதவீதம் அதிகம் தருகிறதோ அங்கே போட்டுவிடலாம். பத்திரமான வங்கிக்கும் ஆபத்தான வங்கிக்கும் ஒரே சுலபத்தில் பணம் கிடைக்கிறது. வங்கிகள் கட்டும் பிரீமியமும் ஒரே விகிதம் என்றால், துணிந்து ஆபத்தில் இறங்குபவருக்குக் கூடுதல் செலவே இல்லை.

இது உண்மையிலேயே நடந்தது, அமெரிக்காவின் சேமிப்பு-கடன் சங்கங்களில். வீட்டுக்கடன் கொடுப்பதற்கென்றே இருந்த இவற்றின் டெபாசிட்டுகளை எஃப்.எஸ்.எல்.ஐ.சி என்ற தனி அரசு நிறுவனம் காப்பீடு செய்தது. முப்பது வருடத்துக்கு மாறாத, குறைந்த வட்டியில் அவை கடன் கொடுத்திருந்தன. 1980-ஐ ஒட்டிப் பணவீக்கத்தால் வட்டி எகிறியது. பழைய கடனில் வரும் வட்டியைவிட, டெபாசிட்டுக்குத் தரவேண்டிய வட்டி அதிகமாகிவிட்டது! சங்கங்கள் வரிசையாக நஷ்டத்தில் விழுந்தன.

அரசு என்ன செய்தது? 1980-இல் காப்பீட்டு வரம்பை 40,000 டாலரிலிருந்து 1 லட்சம் டாலராக உயர்த்தியது. 1982-இல் வணிகக் கடன், வணிகக் கட்டடங்களுக்கான கடன் போன்ற புதிய துறைகளிலும் சங்கங்கள் இறங்க அனுமதித்தது. பணக்காரர்களின் பணத்தை லட்சம் லட்சமாகப் பிரித்து, எங்கே வட்டி அதிகமோ அங்கே போடும் தரகர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அரசு உத்தரவாதம்!

5. மூழ்கிய வங்கிக்குச் சூதாட்டமே லாபம், தெரியுமா?

இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு சங்கத்தின் சொத்து மதிப்பு 100 கோடி டாலர். டெபாசிட்காரர்களுக்குத் தரவேண்டியது 105 கோடி. அதாவது உரிமையாளரின் முதல் முழுவதும் கரைந்துவிட்டது. இந்த நிலையில் பத்திரமாகக் கடன் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

இப்போது அவர் முன் ஆபத்தான ஒரு நிலத் திட்டம் வருகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் சொத்து 125 கோடியாகும். மீதிப் பாதி வாய்ப்பில் 65 கோடியாகக் குறையும். சராசரி 95 கோடி. இருப்பதைவிடக் குறைவு என்பதால் இது மோசமான பந்தயம். ஆனால் உரிமையாளரின் பார்வையில்? ஜெயித்தால் 105 கோடியைக் கொடுத்துவிட்டு 20 கோடி கையில் நிற்கும். தோற்றால் ஏற்கெனவே இழந்ததற்கு மேல் அவருக்கு இழப்பே இல்லை. 40 கோடிப் பள்ளத்தைக் காப்பீட்டு நிதி நிரப்பவேண்டும்! லாபம் தனக்கு, நஷ்டம் பிறருக்கு என்ற இந்த நிலையைத்தான் பொருளாதார நிபுணர்கள் 'மாரல் ஹசார்ட்' என்கிறார்கள். காப்பீடு எல்லா வங்கியையும் சூதாடியாக்குவதில்லை. சொந்த முதல் கரைந்த வங்கியைத்தான் அது அந்தப் பக்கம் தள்ளுகிறது.

6. ஒரு சங்கம் ஐந்தாண்டில் ஐந்து மடங்கு ஊதியது, தெரியுமா?

கலிஃபோர்னியாவின் லிங்கன் சேவிங்ஸ் சங்கத்தை 1984-இல் சார்லஸ் கீட்டிங்கின் நிறுவனமான அமெரிக்கன் கான்டினென்டல் வாங்கியது. அப்போது அதன் சொத்து சுமார் 110 கோடி டாலர். சில ஆண்டுகளில் அது 500 கோடியைத் தாண்டியது! வீட்டுக்கடன் பின்னுக்குப் போனது. பாலைவன நிலங்கள், ஆபத்தான கடன் பத்திரங்கள், ஆடம்பர ஹோட்டல் என்று பணம் பாய்ந்தது. 1989-இல் எல்லாம் சரிந்தது. அரசுக்கு நஷ்டம் 300 கோடி டாலருக்கு மேல்.

இதில் நெஞ்சைப் பிசையும் பகுதி ஒன்று உண்டு. லிங்கன் கிளைகளிலேயே அமெரிக்கன் கான்டினென்டலின் பாண்டுகளும் விற்கப்பட்டன. அவற்றுக்குக் காப்பீடு கிடையாது. வங்கிக் கிளையில் விற்கிறார்களே, பத்திரமாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் சுமார் 23,000 பேர், பலர் முதியவர்கள். டெபாசிட் வைத்திருந்தவர்களுக்குக் காப்பீட்டு வரம்புக்குள் முழுப் பணமும் வந்தது. பாண்டு வாங்கியவர்களின் வாழ்நாள் சேமிப்பு போயேபோனது.

7. காப்பீட்டு நிறுவனமே திவாலானது, தெரியுமா?

ஆம்! மூழ்கிய சங்கங்களை உடனே மூடியிருந்தால் நஷ்டம் சிறிதாக இருந்திருக்கும். ஆனால் மூடினால் டெபாசிட்டைத் திருப்பித் தரவேண்டும். அதற்கு எஃப்.எஸ்.எல்.ஐ.சி-யிடம் பணம் இல்லை. அதனால் கணக்கு விதிகளைத் தளர்த்தி, மூழ்கியவர்களைத் தொடர்ந்து நடத்தவிட்டார்கள். அவர்களோ மேலும் சூதாடினார்கள். 1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் விழுந்தன. 1989-இல் எஃப்.எஸ்.எல்.ஐ.சி கலைக்கப்பட்டது. வரி கட்டிய மக்களுக்கு வந்த செலவு சுமார் 12,400 கோடி டாலர்.

இந்த அடிக்குப் பிறகு 1991-இல் புதுச் சட்டம் வந்தது. ஆபத்துக்கு ஏற்றபடி பிரீமியம். சொந்த முதல் குறையத் தொடங்கினாலே கட்டுப்பாடுகள். அது முற்றிலும் கரையும் முன்பே வங்கியை மூடவேண்டும். ஐந்தாவது பகுதியின் கணக்கில் பார்த்த உரிமையாளர், சூதாடும் நிலைக்கு வருவதற்கு முன்பே சாவியைப் பிடுங்கிவிடும் ஏற்பாடு இது.

8. உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் எவ்வளவு, தெரியுமா?

1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகு இந்தியாவில் இந்தத் திட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் நடைமுறை. தொடக்க வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி இதைத் தருகிறது. இங்கும் நெடுங்காலம் நல்ல வங்கிக்கும் பலவீனமான வங்கிக்கும் ஒரே பிரீமியம்தான், கடைசியாக 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 காசு! வலுவான வங்கிகளுக்குப் பிரீமியத்தைக் குறைக்கும், ஆபத்துக்கேற்ற முறையை 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

நீங்கள் மறக்கக்கூடாதவை மூன்று. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் பல கிளைகளில் உங்கள் பெயரில் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கணக்கிடப்படும். நிதி நிறுவனங்களின் டெபாசிட், வங்கிக் கிளையில் விற்கும் மியூச்சுவல் ஃபண்ட், பாண்டு எதற்கும் இந்தக் காப்பீடு கிடையாது. அடுத்த முறை கவுன்டரில் யாராவது "எஃப்.டி மாதிரிதான், வட்டி மட்டும் அதிகம்" என்று ஒரு படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்கு டி.ஐ.சி.ஜி.சி காப்பீடு உண்டா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்!