வீட்டு நீர் – 7: பின்னல் ஹோஸ் வெடிக்கும் முன்னர்

சென்ற வாரம் கூரைத் தாங்கியையும் அதை நிரப்பும் மோட்டரையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த நீர் கடக்கும் கடைசி முழத்துக்கு வருவோம். சுவர் வால்வுக்கும் கொமட் சிஸ்டனுக்கும் இடையிலும், பேசின், குசினிச் சிங்க் ஆகியவற்றின் அடியிலும் தொங்குகிற அரை அங்குலப் பின்னல் ஹோஸ்தான் அது.

இந்த ஹோஸின் உள்ளே இருப்பது மெல்லிய இறப்பர்க் குழாய். மேலே பளபளக்கும் கம்பிப் பின்னலை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீரின் அழுத்தத்தைத் தாங்குவது பின்னல்தான். அது இல்லாவிட்டால் இறப்பர் வீங்கிக் கிழிந்துவிடும். இரு முனையிலும் ஓர் உலோக வளையம் பின்னலையும் இறப்பரையும் சேர்த்து நெரித்துப் பிடித்திருக்கும்.

யாழ்ப்பாணத்து மாடியில்லா வீட்டில் தாங்கி ஐந்தாறு மீற்றர் உயரத்தில் இருந்தால், குழாயில் கிடைக்கும் அழுத்தம் அரை பார் அளவுதான். நல்ல ஹோஸ்கள் பொதுவாக 10 பாருக்கென்று செய்யப்படுகின்றன. அப்படியிருந்தும் அவை வெடிப்பதற்குக் காரணம் அழுத்தமல்ல, உப்பு.

பின்னலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 304 வகை எவர்சில்வர். லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் போனால் இந்த வகையை நம்பவேண்டாம் என்பது பொறியியலாளர்களின் பொது விதி. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் எங்கள் குடாநாட்டில் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இந்த அளவைத் தாண்டிவிடும். உள்ளே ஓடும் நீர் பின்னலைத் தொடுவதில்லை. ஆனால் மேல் நட்டில் ஒரு சிறு கசிவு இருந்தால் கதை வேறு. சொட்டு ஹோஸின் வழியே இறங்கி வளையத்தின் இடுக்கில் தங்கும். நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் அங்கேயே சேரும். நாளடைவில் அந்த இடுக்கில் உவர் கிணற்று நீரைவிடப் பல மடங்கு ஏறிவிடும். கம்பியில் ஊசித் துளைகள் விழும், ஒவ்வொன்றாக அறும். மலசலகூடம் கழுவும் அமிலமும் குளோரினும் சிங்கின் அடியில் மூடி திறந்து கிடந்தால், அவற்றின் ஆவியும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய், பூட்டிக் கிடக்கும் கரையோர வீடொன்றை எடுத்துக்கொள்வோம். சிஸ்டன் ஹோஸ் அறுகிறது. நிமிடத்துக்குப் பத்து லீற்றர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 1000 லீற்றர் தாங்கி 100 நிமிடத்தில் காலி. மோட்டர் தானியங்கியாக இருந்தால் அதோடு நிற்காது. தாங்கி குறையக் குறைய மோட்டர் கிணற்றை இறைத்துக்கொண்டே இருக்கும். நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் இந்த மண்ணில் அளவுமீறி இறைத்தால் கிணறே உவர்க்கும்.

வெடிக்கும் முன்னர் ஹோஸ் அடையாளம் காட்டும். வளையத்தின் அருகே கறல் நிறப் புள்ளிகள் தெரியும். பழைய பருத்தித் துணியால் ஹோஸை மெல்ல உருவுங்கள். நூல் சிக்கினால் கம்பி அறுந்திருக்கிறது. வெறும் விரலால் தடவவேண்டாம், குத்தும். பின்னல் விலகிய இடத்தில் இறப்பர் புடைத்து நின்றால் அது கடைசி எச்சரிக்கை. உடனே வால்வை மூடவேண்டும். நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், ஈரம் தெரியாவிட்டாலும் அங்கே கசிவு உண்டு. காய்ந்த ரிசு கடதாசியைச் சுற்றி வைத்து ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

ஆயுளைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது ஐந்து முதல் பத்து ஆண்டுகள். கரையோரத்திலும் உவர்க் கிணற்று வீட்டிலும் ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடையாளம் கண்டால் ஆண்டுக்கணக்குப் பார்க்கவேண்டாம்.

புதிது வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். மிக இலேசாகவும் மங்கலாகவும் இருந்தால் பின்னல் அலுமினியமாக இருக்கலாம். உவர் அதை எவர்சில்வரைவிட விரைவில் தின்னும். பிளாஸ்ரிக் நட்டைவிடப் பித்தளை நட்டு நல்லது. பூட்டும்போது ஹோஸை முறுக்காமலும் மடிக்காமலும் தளர்வான வளைவாக விடவேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு சாவியால் கால் சுற்று போதும். உள்ளே இறப்பர் வாஷர் இருப்பதால் நூல் நாடா தேவையில்லை. அதிகம் இறுக்கினால் வாஷர் நசிந்து, நாம் பயந்த அந்தச் சொட்டு அங்கேயே தொடங்கும். பூட்டிய மாதத்தையும் ஆண்டையும் சுவர் வால்வின் அருகே அழியா மையால் எழுதிவிடுங்கள்.

இரண்டு நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் தாங்கியின் அடி வால்வை மூடி, மோட்டரின் சுவிட்சையும் நிறுத்திவிட்டே படலையைச் சாத்தவேண்டும்.