ஒரே தைராய்டு, இரண்டு எண்கள்

குனோங் ராபாட்டில் வசிக்கும் ஒரு தாயார் தைராய்டு குறைபாட்டுக்காக நாள்தோறும் மாத்திரை உட்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்ற முறை அவருடைய இரத்தப் பரிசோதனையில் கட்டற்ற டி4 அளவு 11.2 என்று வந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு கிளினிக்கில் பரிசோதித்தபோது 13.9 என்று வந்தது. மாத்திரையின் அளவு மாறவில்லை. அப்படியானால் அவர் உடலில் தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டதா?

விடை காண, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். அதுதான் இயல்பு வரம்பு. முதல் தாளில் 9.0 முதல் 19.1 வரை என்றும், இரண்டாவது தாளில் 12 முதல் 22 வரை என்றும் இருக்கிறது. இவை கற்பனை வரம்புகள் அல்ல. முதலாவது அபோட் நிறுவனத்தின் ஒரு கருவிக்கும், இரண்டாவது ரோஷ் நிறுவனத்தின் கருவிக்கும் உரியவை. இரண்டுக்கும் அலகு ஒன்றே: லிட்டருக்குப் பிக்கோமோல்.

இப்போது கணக்குப் போடுங்கள். முதல் வரம்பின் நீளம் 10.1, அதன் அடியிலிருந்து 11.2 என்பது 2.2 மேலே நிற்கிறது. இரண்டாவது வரம்பின் நீளம் 10. அதன் அடியிலிருந்து 13.9 என்பது 1.9 மேலே நிற்கிறது. இரண்டு எண்களுமே தத்தம் வரம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில்தான் உள்ளன. ஹார்மோன் கூடியதாகச் சொல்ல இதில் ஆதாரம் இல்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. முதல் தாளின் 11.2-ஐ இரண்டாவது தாளின் வரம்போடு ஒப்பிட்டிருந்தால், அது 12-க்குக் கீழே இருப்பதாகத் தோன்றி வீணாகப் பயந்திருப்போம்.

ஒரே பொருளை அளக்கும் கருவிகள் ஏன் ஒத்துப்போவதில்லை? இரத்தத்தில் ஓடும் டி4 ஹார்மோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. பத்தாயிரம் மூலக்கூறுகளில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே கட்டற்று உலவுகின்றன. உடல் பயன்படுத்துவது அவற்றைத்தான். ஒட்டியிருப்பதைக் கலைக்காமல், இந்த இரண்டு மூன்றை மட்டும் பிடித்து எண்ணுவது கடினம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென எதிர்ப்பொருளையும் இரசாயனக் கலவையையும் வைத்து இதைச் செய்கிறது. அதனால் ஒரே குழாய் இரத்தத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பினாலும் இரண்டு எண்கள் வரலாம்.

வரம்பு உருவாகும் விதமும் ஒரு காரணம். ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் வழிமுறைப்படி, குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை அளந்து, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறார்கள். இரு முனைகளிலும் 2.5 விழுக்காட்டை, அதாவது மும்மூன்று பேரை, விலக்கிவிட்டு நடுவில் உள்ளதை வரம்பாகக் கொள்கிறார்கள். அந்த 120 பேர் வேறாக இருந்தால் வரம்பும் சற்று வேறாகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: விலக்கப்பட்ட ஆறு பேரும் நோயாளிகள் அல்லர். வரம்பைச் சற்றே தாண்டிய ஓர் எண் மட்டும் நோயைக் காட்டிவிடாது.

ஆகவேதான் மருத்துவர் டிஎஸ்எச் என்ற அளவையும் பார்க்கிறார். இது மூளையின் அடியிலுள்ள பிட்டியூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. டி4 சிறிது குறைந்தாலும் டிஎஸ்எச் பல மடங்கு உயரும். டி4 மிகுந்தால் அது வெகுவாக இறங்கும். நம் எடுத்துக்காட்டில் டிஎஸ்எச் முதல் முறை 2.6, அடுத்த முறை 2.8 என்று இருந்தால், இரண்டும் வரம்பின் நடுப்பகுதியில் அமைதியாக இருக்கின்றன. டி4 உண்மையாகவே கூடியிருந்தால் டிஎஸ்எச் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பிட்டியூட்டரியே பழுதாகியிருந்தால் இந்தச் சாட்சியை நம்ப முடியாது. டிஎஸ்எச் அளவும் காலை மாலை என மாறக்கூடியது. இரவில் உயர்ந்து பகலில் தாழும்.

டி4 கூடிவிட்டது என்று தவறாக எண்ணி அந்தத் தாயார் மாத்திரையைக் குறைத்தால், களைப்பும் உடல் பருமனும் திரும்பலாம். குறைந்துவிட்டது என்று எண்ணித் தானாகக் கூட்டினால், நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பும் தேயும். மருத்துவரே அளவை மாற்றினாலும், டிஎஸ்எச் புதிய நிலைக்கு வந்து நிற்க ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதற்கு முன் எடுக்கும் பரிசோதனை பாதி வழியில் உள்ள எண்ணையே காட்டும்.

சென்னையிலுள்ள உறவினரின் தாளில் கட்டற்ற டி4 1.2 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். அங்கே பெரும்பாலும் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்ற அலகில் எழுதுவார்கள். 12.9-ஆல் பெருக்கினால் நம் அலகில் ஏறக்குறைய 15.5 கிடைக்கும்.

வீட்டில் யாருக்காவது தைராய்டு சிகிச்சை நடந்தால், பழைய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆய்வுக்கூடத்தின் பெயர், அலகு, வரம்பு ஆகிய மூன்றையும் அடிக்கோடிடுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரத்தம் கொடுப்பது நல்லது. இடம் மாறியிருந்தால், எண்ணைப் பேசும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.