தைக்கக் கொடுத்த வடிவமைப்பு யாருக்குச் சொந்தம்?

சொந்தத் தொழிற்கூடம் இல்லாத சிறு ஆடை நிறுவனங்கள் தங்கள் வடிவமைப்பைத் திருப்பூர் போன்ற ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளிடம் கொடுத்துத் தைத்து வாங்குகின்றன. படம், அளவுப் பட்டியல், துணி விவரம் அடங்கிய 'டெக் பேக்' கைமாறும் முன்பே ரகசியம் பற்றியும் உரிமை பற்றியும் எழுத்தில் உடன்பாடு இருக்க வேண்டும்.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ரகசியக் காப்பு ஒப்பந்தமே முதல் பாதுகாப்பு. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியான வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியது வெளியீடாகக் கருதப்படாது. அப்படித்தான் காட்டப்பட்டது என்பதற்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சான்றாகிறது.

ஒரு குழந்தைகள் ஆடை நிறுவனம், சட்டைக்கென்றே வரைந்த யானை அச்சுடன் 500 டி-சட்டைகளுக்கு ஆர்டர் கொடுப்பதாகக் கொள்வோம். பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அதை இட்ட பொருள் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் தயாரானால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், 1957. அனுமதியோடு தொழிற்சாலை தைப்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஆக, முதல் ஆர்டரிலேயே உரிமை பறிபோகலாம். சட்டைகள் கடைக்குப் போன பிறகு பதிவுக்கும் வழியில்லை. தயாரிப்புக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு கிடைக்கும்.

அடுத்த சிக்கல், தொழிற்சாலையில் உருவாகும் பொருட்கள். அங்குள்ள பேட்டர்ன் மாஸ்டர் வெட்டும் பேட்டர்னும் அச்சுக்கான ஸ்கிரீனும் யாருடையவை? ஊழியர் பணியில் வரைந்ததற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். பணம் கொடுத்ததாலேயே பதிப்புரிமை கைமாறுவதில்லை. எழுத்தில் ஒப்படைத்தால்தான் மாறும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஏற்றுமதி செய்ய நினைப்பவர் இரண்டையும் எழுதியாக வேண்டும்.

கசிவு பெரும்பாலும் உபரிச் சரக்கு வழியாகவும் ஜாப் ஒர்க் கூடங்கள் வழியாகவும் நேர்கிறது. 500 கேட்டால் 520 தைப்பதும், மிச்சத்தையும் பழுதான சட்டைகளையும் சந்தையில் தள்ளிவிடுவதும் உண்டு. எனவே உபரியின் அளவு, பழுதானவற்றிலிருந்து லேபிளை நீக்குவது, அனுமதியின்றி வெளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது, அனுப்பினால் அங்கும் அதே நிபந்தனை பொருந்தும் என்பது ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். 'இதுபோன்ற ஆடையை இனி யாருக்கும் தைக்கக் கூடாது' என்ற பொதுத் தடை, ஒப்பந்தம் முடிந்த பின் நீதிமன்றத்தில் நிற்காது. தடை அந்த வடிவமைப்பை மட்டுமே குறிக்க வேண்டும்.

வழக்கு என்று போனால் செலவும் காலமும் அதிகம். பேட்டர்னும் ஸ்கிரீனும் திரும்பி வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிக்கொள்வது, சிறு நிறுவனத்துக்கு வழக்கைவிட வலுவான பிடி.