விருந்துக்குப் பின் வரும் வயிற்று வலி: வாயுவா, பித்தப்பைக் கல்லா?

நமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், வயது நாற்பத்தைந்து. வலீமா விருந்தில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவர், நள்ளிரவில் வயிற்று வலியால் எழுந்தார். மேல் வயிற்றின் வலப்பக்கத்தில் தொடங்கிய வலி அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழேயும் பிடித்தது. புரண்டு படுத்தும், வாந்தி எடுத்தும் குறையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அடங்கியது. ஓமத் தண்ணீரில் வாயு கலைந்துவிட்டது என்று வீட்டார் நினைத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோதுதான் மருத்துவரிடம் போனார்கள்.

உண்மையில் அந்த வலி தானாகவே அடங்கியது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சிறு பை பித்தப்பை. கொழுப்பான உணவு குடலுக்குள் வந்ததும், அதைச் செரிக்க உதவும் பித்தநீரை வெளியேற்ற இந்தப் பை சுருங்குகிறது. அப்போது உள்ளே இருக்கும் கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால் வலி எடுக்கும். பை தளர்ந்து கல் விலகியதும் வலி நின்றுவிடும். கல் அங்கேயேதான் இருக்கும்.

மேல் வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் முதலில் இ.சி.ஜி. எடுத்தார். அது சரியாக இருந்தது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஸ்கேன். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது என்பதால்தான் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். ஸ்கேனில் வெண்மையாகத் தெரிந்த கற்களுக்குப் பின்னால் கரிய நிழல் விழுந்தது. அவர் திரும்பிப் படுத்தபோது கற்களும் நகர்ந்தன. பையின் சுவர் 2 மில்லிமீட்டர்தான். 3-க்கு மேல் தடித்திருந்தால் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பித்தக்குழாயும் விரியவில்லை. அதாவது கல் உண்டு, அழற்சியோ குழாய் அடைப்போ இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் அறுவை சிகிச்சை தேவையா? வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்து, வலியே வந்ததில்லை என்றால், பெரும்பாலும் விட்டுவிடலாம். கல் மிகப் பெரிதாக இருப்பது போன்ற சில நிலைகளே விதிவிலக்கு. ஆனால் இவரைப் போல வலி வந்துவிட்டால் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பித்தப்பையை அகற்றச் சொல்கிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று கணவர் கேட்டார். பை இருந்தால் மீண்டும் கல் உருவாகும் என்றார் மருத்துவர். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து நேரே குடலுக்கு அனுப்பும். சிலருக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் செய்ததால், அவர் மறுநாளே வீடு திரும்பினார்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும்போது கொழுப்பைக் குறைத்தால் வலி வருவது குறையலாம், கல் கரையாது. வலி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.