பத்தாயிரம் குட்டிக் கோப்புகள்

தலா 4 கேபி அளவில் 10,000 கோப்புகள்; மொத்தம் 40 எம்பிதான். நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்றும் இணைப்புக்கு 16 நொடி வேலை. ஒவ்வொன்றாக அனுப்பினாலோ கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது.

காரணம் காத்திருப்பு. ஒரு கோப்பு சேர்ந்ததாக சர்வர் பதில் சொன்ன பிறகே அடுத்தது கிளம்பும். பதில் வர 100 மில்லிநொடி என்றாலும் 10,000 முறைக்கு 1,000 நொடி. வேகமான இணைப்பு வாங்கினாலும் இது குறையாது!

ஜிப் செய்தால் எல்லாம் ஒரே கோப்பாகப் போய்விடும். உரைக் கோப்புகள் நன்றாகச் சுருங்கவும் செய்யும். ஜேபெக் படங்கள் அநேகமாகச் சுருங்காது. `zip -0 -r` என்று சுருக்காமல் கட்டினாலே போதும்.

சிக்கல் பிறகு வருகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லாத தளத்தில், இணைப்பு பாதியில் அறுந்தால் முழுக் கட்டையும் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரே கோப்பு மாறினாலும் அதே கதை. தினமும் சில கோப்புகளே மாறுகிற இடத்தில், மாறியதை மட்டும் அனுப்பும் `rsync` மேல்.